நூறு கிராம் என்ன விலை?

வீட்டிலிருக்கும் ரவை பாக்கெட்டையோ துணி சோப்புத்தூளையோ எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் தயாரிப்புத் தேதி, பேட்ச் எண், எம்.ஆர்.பி. ஆகியவற்றைப் புள்ளி புள்ளியாக அச்சிட்ட இடத்தில் இன்னொரு சிறு வரியும் இருக்கும். ‘யு.எஸ்.பி.’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், அடுத்து ரூபாய் குறி, 0.06 என்பது போல ஓர் எண், கடைசியில் ‘கிராமுக்கு’ என்பதைக் குறிக்கும் எழுத்து. இதுதான் அலகு விலை. அந்தப் பொருள் ஒரு கிராம் என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பதை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட வைத்த வரி. 2024 ஜனவரி 1 முதல் இது இந்தியா முழுவதும் கட்டாயம்.

நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம். ஆனால் அந்த வரியை வைத்து இரண்டு ரவை பாக்கெட்டுகளில் எது மலிவு என்று முடிவு செய்ய முயன்றால் பெரும்பாலும் முடியாது. வரி எழுதப்பட்டிருக்கும் அலகுதான் காரணம். கிராமுக்குப் பதில் நூறு கிராமுக்கு விலை போட்டிருந்தால், அதே இடத்தில் அதே மையில் அது உபயோகமான தகவலாகியிருக்கும்.

முதலில் இந்த வரி ஏன் வந்தது என்று பார்ப்போம். சில்லறையாக அளந்து விற்கும் மளிகைக் கடையில் இப்படி ஒரு வரிக்குத் தேவையே இல்லை. துவரம்பருப்பு கிலோ என்ன விலை என்று கேட்போம். அண்ணாச்சி ஒரு விலை சொல்வார். அடுத்த கடையிலும் அதே கேள்வி, இன்னொரு விலை. நாம் வாங்குவது கால் கிலோவோ இரண்டு கிலோவோ, விலையைப் பேசுவது கிலோவுக்குத்தான். பொருள் பாக்கெட்டில் அடைபட்டு வரத் தொடங்கியதும் விலை பாக்கெட்டுக்கு என்று ஆகிவிட்டது. பாக்கெட்டுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது தனித் தகவலாகி, சிறிய எழுத்தில் ஓரத்துக்குப் போய்விட்டது.

இந்தச் சிக்கலுக்கு இந்தியா வெகுகாலம் வேறொரு வழியைக் கையாண்டது. பிஸ்கட், ரொட்டி, தேயிலை, காபி, உப்பு, சமையல் எண்ணெய், கோதுமை மாவு, சோப்பு, சிமெண்ட் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதிலுள்ள பொருள்களைச் சட்டம் சொன்ன அளவுகளில் மட்டுமே பாக்கெட் போடலாம். சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த பொட்டலப் பொருள்கள் விதிகளின் இரண்டாம் அட்டவணை அது. எல்லா நிறுவனமும் ஒரே அளவில் பாக்கெட் போட்டால் விலையை மட்டும் பார்த்தால் போதும். அரைக் கிலோ உப்புக்குப் பக்கத்தில் இன்னோர் அரைக் கிலோ உப்பு. குறைந்த விலை எதுவோ அதுவே மலிவு.

2021 நவம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இந்த விதிகளைத் திருத்தி அந்த அட்டவணையை நீக்கியது. இனி எந்த அளவிலும் பாக்கெட் போடலாம். அதற்கு ஈடாக அதே திருத்தத்தில் அலகு விலை அச்சிடுவது கட்டாயமாக்கப்பட்டது. அளவுக் கட்டுப்பாடு போகிறது, அந்த இடத்தில் தகவல் வருகிறது என்பதுதான் ஏற்பாடு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே வரிசையில்தான் நடந்தது: 1998-இல் அலகு விலைக்கான ஆணை, 2007-இல் பெரும்பாலான நிலையான பாக்கெட் அளவுகளை விலக்கும் ஆணை. அங்கே தகவல் முதலில் வந்து, கட்டுப்பாடு பின்னர் போயிற்று. இங்கே அலகு விலைக்கான தேதி சில முறை தள்ளிவைக்கப்பட்டு, கடைசியில் 2024 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே இந்தச் சின்ன வரியை அலங்காரம் என்று நினைக்கக் கூடாது. நமக்கு இருந்த ஒரு பாதுகாப்பை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகக் கொடுத்தது இது. அதனால்தான் இது சரியாக வேலை செய்கிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

விதி சொல்வது இவ்வளவுதான். நிகர எடை ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் ஒரு கிராமின் விலை. ஒரு கிலோவுக்கு மேல் இருந்தால் ஒரு கிலோவின் விலை. திரவத்துக்கு இதே முறையில் மில்லிலிட்டரும் லிட்டரும். எண்ணிக்கையில் விற்பவற்றுக்கு ஒன்றின் விலை. எல்லாம் ரூபாயில், தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கி எழுத வேண்டும். மேலும், பாக்கெட் விலையும் அலகு விலையும் ஒன்றாகவே இருந்தால், அதாவது சரியாக ஒரு கிலோவாகவோ ஒரு லிட்டராகவோ இருந்தால், தனியாக எழுதத் தேவையில்லை.

‘ஒரு கிராம்’, ‘இரண்டு இலக்கம்’ என்ற இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒன்று சேரும் இடத்தில்தான் கணக்கு கெடுகிறது. ரவையையே எடுத்துக்கொள்வோம். அலமாரியில் இரண்டு பாக்கெட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 500 கிராம், விலை 32 ரூபாய். மற்றது 900 கிராம், விலை 50 ரூபாய். முதலாவதை ஒரு கிராமுக்கு வகுத்தால் 0.064 ரூபாய்; இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கினால் 0.06. இரண்டாவது 0.0556, அதையும் முழுமையாக்கினால் 0.06. இரண்டு பாக்கெட்டிலும் ஒரே எண்தான் இருக்கும். பார்ப்பவர் இரண்டும் ஒரே விலை என்றுதான் நினைப்பார்.

உண்மையில் முதல் ரவை கிலோ 64 ரூபாய். இரண்டாவது கிலோ 55 ரூபாய் 56 காசு. கிலோவுக்கு எட்டு ரூபாய்க்கு மேல், சதவீதத்தில் பதினைந்து அதிகம். நூறு கிராமுக்கு எழுதியிருந்தால் ஒன்றில் 6.40 என்றும் மற்றதில் 5.56 என்றும் இருந்திருக்கும். கணக்கே போடாமல் கண்ணால் பார்த்து எடுத்திருக்கலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. 450 கிராம் ரவை 29 ரூபாய், 400 கிராம் ரவை 26 ரூபாய் 50 காசு என்று கொள்வோம். கிராமுக்கு முறையே 0.0644, 0.06625. முழுமையாக்கினால் ஒன்று 0.06, மற்றது 0.07. பாக்கெட்டை நம்பினால் இரண்டாவது ஆறில் ஒரு பங்கு விலை கூடியது. உண்மையில் வித்தியாசம் நூறு கிராமுக்கு இருபது காசுகூட இல்லை, மூன்று சதவீதம்தான். பெரிய வித்தியாசத்தை மறைத்த அதே வரி, சின்ன வித்தியாசத்தைப் பெரிதாக்கியும் காட்டுகிறது. அதாவது தகவல் குறைந்துபோனதோடு நிற்கவில்லை. தவறான பக்கமும் காட்டுகிறது.

உப்பில் இது இன்னும் மோசம். கிலோ 15 ரூபாய்க்கு வரும் உப்பும் கிலோ 24 ரூபாய்க்கு வரும் உப்பும் ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் வந்தால், இரண்டிலும் கிராமுக்கு 0.02 ரூபாய் என்றே அச்சாகும். ஒன்றரை மடங்குக்கும் மேலான விலை வித்தியாசம் அந்த எண்ணில் தெரியாது. காரணம் எளிது. கிராம் விலையில் கடைசி இலக்கம் ஒன்று கூடினால் அது ஒரு காசு. ஒரு கிராமுக்கு ஒரு காசு என்றால் கிலோவுக்குப் பத்து ரூபாய். பத்துப் பத்து ரூபாயாகத் தாவும் அளவுகோலை வைத்துக்கொண்டு இருபது ரூபாய்ப் பொருளை அளக்கிறோம். நூறு கிராமுக்கு இரண்டு இலக்கம் எழுதினால் அந்தத் தாவல் கிலோவுக்குப் பத்துக் காசாகச் சுருங்கிவிடும். அதற்குக் கீழ் யாருக்கும் தேவையில்லை.

கவனித்தால் ஒன்று புரியும். இந்த முறை எந்தப் பொருள்களில் பழுதாகிறது? உப்பு, ரவை, மைதா, கோதுமை மாவு, அவல், சர்க்கரை, பருப்பு. கிலோ நூறு, இருநூறு ரூபாய்க்குள் வரும் அன்றாடச் சாமான்கள். எங்கே நன்றாக வேலை செய்கிறது? இன்ஸ்டன்ட் காபி, ஏலக்காய், முகப்பூச்சு. கிராம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று விற்கும் பொருள்களில் இரண்டு இலக்கம் தாராளமாகப் போதும். விலையை ஒப்பிட வேண்டிய அவசியம் யாருக்கு அதிகமோ அவர் வாங்கும் பொருளிலேயே இந்த வரி அதிகம் கைவிடுகிறது. எனக்கு இதில் பெரிய வருத்தம்.

ஒரு கிலோ என்ற எல்லைக்கோடு இன்னொரு தொல்லை. துவரம்பருப்பு மூன்று அளவில் இருக்கிறது என்று கொள்வோம். அரைக் கிலோ 92 ரூபாய், ஒரு கிலோ 178 ரூபாய், இரண்டு கிலோ 350 ரூபாய். விதிப்படி அரைக் கிலோ பாக்கெட்டில் கிராமுக்கு 0.18 ரூபாய் என்று இருக்கும். ஒரு கிலோ பாக்கெட்டில் அலகு விலை இருக்க வேண்டியதில்லை. இரண்டு கிலோ பாக்கெட்டில் கிலோவுக்கு 175 ரூபாய் என்று இருக்கும். ஒரே நிறுவனத்தின் ஒரே பருப்பு, மூன்று பாக்கெட்டில் மூன்று விதம். அரைக் கிலோவையும் இரண்டு கிலோவையும் ஒப்பிட வேண்டுமானால் 0.18-ஐ ஆயிரத்தால் பெருக்க வேண்டும். பெருக்கினாலும் கிடைப்பது 180. உண்மை விலையோ 184. ஒன்பது ரூபாய் வித்தியாசம் ஐந்தாகத் தெரிகிறது. பெரிய பாக்கெட் வாங்கலாமா, சின்னது போதுமா என்ற முடிவுதான் அலகு விலையின் முதல் உபயோகம். அந்த இடத்திலேயே வழி அறுந்துவிடுகிறது.

சமையல் எண்ணெயில் இன்னொரு முடிச்சும் சேர்கிறது. அட்டவணை இருந்தவரை எண்ணெய் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்றே வந்தது. இப்போது 850 கிராம், 870 கிராம் என்றெல்லாம் பைகள் வருகின்றன. லிட்டர் பையும் கிராம் பையும் அலமாரியில் ஒரே உயரத்தில் நிற்கும். எண்ணெய் தண்ணீரைவிட எடை குறைவு. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். அந்த எடையும் எண்ணெயின் சூட்டைப் பொறுத்தது. 21 டிகிரியில் 919 கிராம் இருக்கும் ஒரு லிட்டர் சோயா எண்ணெய், 60 டிகிரியில் 892.6 கிராமாகிவிடும் என்று நுகர்வோர் விவகாரத் துறையே 2022-இல் எடுத்துக்காட்டியது. சில நிறுவனங்கள் பையில் 60 டிகிரியில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்ததால் வந்த பேச்சு அது. வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவை எழுதுங்கள், அந்த அளவுக்குரிய எடையும் சரியாக இருக்கட்டும் என்று துறை அப்போது அறிவுறுத்தியது.

இப்போது ஒரு லிட்டர் பை 180 ரூபாய், எடை 910 கிராம். பக்கத்தில் 850 கிராம் பை 172 ரூபாய். கைக்குச் சீக்கிரம் வருவது 172 தான். எட்டு ரூபாய் குறைவாயிற்றே. அதில் கிராமுக்கு 0.20 ரூபாய் என்று அச்சாகியிருக்கும். லிட்டர் பையில் அலகு விலை தேவையில்லை என்பதால் ஒன்றும் இருக்காது. நாமே கணக்குப் போட்டால் லிட்டர் பை நூறு கிராமுக்கு 19 ரூபாய் 78 காசு. சின்னப் பை 20 ரூபாய் 24 காசு. 172 ரூபாய்ப் பைதான் விலை கூடியது. இரண்டிலும் நூறு கிராமுக்கு என்று ஒரு வரி இருந்தால் இது முதல் பார்வையிலேயே தெரியும்.

பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மொத்தமாக வாங்கினால் குறையும் என்பது சந்தையின் பழைய பழக்கம். ஆனால் பாக்கெட் உலகில் அது விதியல்ல. நம் நாட்டில் அதற்குப் பெரிய விலக்கு ஷாம்பூ. சாஷே ஷாம்பூவின் கதை தமிழ்நாட்டில் கடலூரில் தொடங்கியது. சின்னி கிருஷ்ணன் தொடங்கி வைத்த அந்தச் சின்னப் பொட்டலத்தை அவருடைய மக்கள் நாடெங்கும் கொண்டு போனார்கள். பாட்டில் வாங்க முடியாதவருக்கு ஒரு நாள் தேவைக்கு ஒரு நாணயத்தில் கிடைக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. எல்லா நிறுவனமும் அதில் இறங்கியதும் போட்டி கடுமையாகி, சாஷே விலை ஒன்று, இரண்டு ரூபாயில் அசையாமல் நின்றுவிட்டது. பாட்டில் விலை மட்டும் ஏறியது. 6 மில்லி சாஷே இரண்டு ரூபாய் என்றால் நூறு மில்லி 33 ரூபாய். 180 மில்லி பாட்டில் 150 ரூபாய் என்றால் நூறு மில்லி 83 ரூபாய். சாஷேக்களை வாங்கிச் சேர்ப்பவர் பாட்டில் வாங்குபவரைவிடக் குறைவாகக் கொடுக்கிறார். பத்து கிராம், பத்து மில்லி அளவுக்கு உட்பட்ட பொட்டலங்களுக்கு இந்த விதிகளிலிருந்து விலக்கு இருப்பதால், இந்த ஒப்பீடு பாக்கெட்டில் வராது. மளிகைச் சாமானிலும் பெரிய அளவுக்கு விலை கூடுதலாக இருப்பது அவ்வப்போது நடப்பதுதான். ‘குடும்பப் பாக்கெட்’ என்று எழுதியிருப்பதை நம்பக் கூடாது. எண்ணைப் பார்க்க வேண்டும்.

விலையை மாற்றாமல் எடையைக் குறைக்கும் வழக்கமும் இதோடு சேர்ந்தது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பிஸ்கட்டில் விலையைத் தொட்டால் விற்பனை விழும் என்பதால் கிராமைக் குறைக்கிறார்கள். 65 கிராம் பாக்கெட் 55 கிராமானால் நூறு கிராம் விலை 15 ரூபாய் 38 காசிலிருந்து 18 ரூபாய் 18 காசுக்குப் போகிறது. விலை பதினெட்டு சதவீதம் ஏறியாகிவிட்டது, பாக்கெட்டின் முகப்பில் அதே பத்து ரூபாய். அலகு விலை இதைக் காட்டும், ஆனால் பழைய எண் நினைவில் இருந்தால்தான். பிரான்சில் 2024 ஜூலை முதல் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது: எடை குறைந்து அலகு விலை கூடினால் பெரிய கடைகள் இரண்டு மாதத்துக்கு அந்தப் பொருளின் அருகே அதை எழுதி வைக்க வேண்டும்.

மற்ற நாடுகள் அலகை எப்படித் தேர்ந்தன என்பது நமக்குப் பயன்படும். ஆஸ்திரேலியாவில் 2009 டிசம்பர் முதல் பெரிய மளிகைக் கடைகளுக்கு அலகு விலை கட்டாயம். அங்கே பொதுவான அலகு நூறு கிராம் அல்லது நூறு மில்லி. இறைச்சி, காய், பழம் ஆகியவற்றுக்குக் கிலோ. மசாலாப் பொருள்களுக்குப் பத்து கிராம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அலகை முடிவு செய்வது பொருள். பாக்கெட்டின் அளவு அல்ல. மாவு என்றால் நூறு கிராம்தான், பை இரண்டு கிலோவானாலும் இருநூறு கிராமானாலும். நம்முடைய பருப்புச் சிக்கல் அங்கே எழவே வழியில்லை.

ஜெர்மனி வேறு திசையில் போனது. முன்பு 250 கிராமுக்கு உட்பட்ட பாக்கெட்டுக்கு நூறு கிராம் விலை போடலாம் என்று அங்கே இருந்தது. சின்ன பாக்கெட்டும் பெரிய பாக்கெட்டும் வெவ்வேறு அலகில் இருந்தால் ஒப்பிட முடியவில்லை என்பதால், 2022 மே மாதம் முதல் பொதுவாக எல்லாவற்றுக்கும் கிலோ அல்லது லிட்டர் என்று ஆக்கிவிட்டார்கள். நூறு கிராமா கிலோவா என்பதில் நேர்மையாக இரண்டு கட்சியும் இருக்கலாம். கிலோ நமக்குப் பழகிய அலகு. ஆனால் ஐம்பது கிராம் மிளகுப் பாக்கெட்டில் கிலோ விலையைப் போட்டால், வாங்கப்போகும் தொகைக்குச் சம்பந்தமில்லாத பெரிய எண் ஒன்று நிற்கும். நூறு கிராம் என்றால் மிளகுக்கும் ரவைக்கும் பொருந்தும். வேண்டுமானால் பத்தால் பெருக்கினால் கிலோ விலை. அதனால் என் வாக்கு நூறு கிராமுக்கு. எதைத் தேர்ந்தாலும் சரி, ஒரு பொருளுக்கு ஒரே அலகு இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் அலகு விலையைப் போடுவது பொதுவாகக் கடைக்காரர். அலமாரியின் விலைச்சீட்டில், விற்கும் விலைக்குப் பக்கத்தில் வைக்கிறார். இந்தியாவில் போடுவது தயாரிப்பாளர். அவருக்குத் தெரிந்தது எம்.ஆர்.பி. மட்டுமே. நம் சூப்பர் மார்க்கெட்டுகளில் எம்.ஆர்.பி.க்கு விற்பது அரிது; ஒன்றில் பத்து சதவீதத் தள்ளுபடி, ஒன்றில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். அப்போது பாக்கெட்டில் இருக்கும் எண் நாம் கொடுக்கப்போகும் பணத்தைப் பற்றியதே அல்ல. அலமாரிச் சீட்டில்தான் அதைத் தீர்க்க முடியும். சீட்டை அச்சிடும் கணினியில் விலையும் எடையும் ஏற்கெனவே இருக்கின்றன. வகுத்துப் போட வேண்டியதுதான். சில இணையக் கடைகள் விற்பனை விலைக்குப் பக்கத்திலேயே நூறு கிராமுக்கு இவ்வளவு என்று காட்டுகின்றன. அங்கே சாத்தியமானது பெரிய கடைகளின் அலமாரியிலும் சாத்தியம்தான். ஆனால் கடைகளுக்கு விட்டுவிட்டாலும் ஒழுங்கு தானாக வராது. பிரிட்டனில் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2023-இல் பெரிய கடைகளைச் சோதித்தபோது, ஒரே வகைப் பொருள்களுக்கு வெவ்வேறு அலகுகளும், தள்ளுபடி விற்பனையில் அலகு விலையே இல்லாத சீட்டுகளும் இருந்ததைக் கண்டது.

அலகு விலையால் சொல்ல முடியாதவையும் உண்டு. அது அளவை மட்டும் சமன்படுத்தும், தரத்தைச் சமன்படுத்தாது. காபித்தூளைப் பாருங்கள். ஒரு பாக்கெட்டில் எழுபது பங்கு காபி, முப்பது சிக்கரி. நூறு கிராம் 85 ரூபாய். மற்றதில் ஐம்பத்துமூன்று பங்கு காபி, மீதி சிக்கரி; நூறு கிராம் 68 ரூபாய். இரண்டாவது மலிவாகத் தெரிகிறது. காபிக்கு மட்டும் கணக்குப் போட்டால் முதல் பாக்கெட்டில் நூறு கிராம் காபிக்குக் கொடுப்பது 121 ரூபாய், இரண்டாவதில் 128 ரூபாய். சிக்கரி கலந்த தூளில் கலவை விகிதம் பாக்கெட்டிலேயே இருக்கும். அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கூட்டுப் பெருங்காயமும் அப்படித்தான்: அதில் மாவும் பிசினும் எவ்வளவு, பெருங்காயம் எவ்வளவு என்பதை நூறு கிராம் விலை சொல்லாது. சோப்புத்தூளில் ஒரு வாளித் துணிக்கு எத்தனை கரண்டி என்பதுதான் உண்மையான விலை.

விதி மாறும் வரை கைவசம் இருப்பது கைப்பேசியின் கால்குலேட்டர். பாக்கெட் விலையை நிகர எடையின் கிராமால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 32-ஐ 500-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 6.40. தள்ளுபடி இருந்தால் எம்.ஆர்.பி.யை விட்டுவிட்டு, பில்லில் வரப்போகும் தொகையை வையுங்கள். இலவசப் பாக்கெட் இருந்தால் அதன் எடையையும் கூட்டிக்கொள்ளுங்கள். எல்லாச் சாமானுக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. மாதந்தோறும் வாங்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், மாவு, சோப்புத்தூள் என்ற ஐந்தாறு பொருளுக்கு ஒருமுறை செய்து, நூறு கிராம் விலையைக் குறித்து வைத்தால் போதும். அடுத்த மாதம் எடை குறைந்தாலும் அந்தக் குறிப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

அலகு விலை இருக்க வேண்டிய பாக்கெட்டில் அந்த வரியே இல்லையென்றாலோ, படிக்க முடியாதபடி மடிப்பில் அச்சாகியிருந்தாலோ புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. மாவட்டத்திலுள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அமலாக்க அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். பாக்கெட்டையும் பில்லையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விதியைத் திருத்தும் அதிகாரம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையிடம் இருக்கிறது. அவர்களிடம் கேட்க வேண்டியவை மூன்றுதான். உணவுப் பொருளுக்கும் வீட்டு உபயோகப் பொருளுக்கும் பாக்கெட் எந்த அளவில் இருந்தாலும் நூறு கிராம் அல்லது நூறு மில்லிக்கு விலை. ஒரு கிலோ, ஒரு லிட்டர் பாக்கெட்டுக்கும் அதே வரி. பெரிய கடைகளின் அலமாரிச் சீட்டில் விற்கும் விலைக்கு அதே கணக்கு. நுகர்வோர் சங்கங்கள் இதைக் கையிலெடுத்து எழுத வேண்டும்; வாசகர்களும் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள்.